சின்ன டேட்டா பேக்கில் ஒரு மாதம்

28 நாளுக்கு 2 ஜிபி டேட்டா என்றால் நாளொன்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 70 எம்பி. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் படம் பார்த்தால் நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி சுமார் 0.7 ஜிபி செலவாகும். அதாவது, மூன்று மணி நேரத்துக்குள் மாதத்தின் பங்கே தீர்ந்துவிடும். ஆனால் வீடியோவே பார்க்காதவர்களின் டேட்டாவும் பாதி மாதத்தில் காலியாகிறது. திரையில் இல்லாத செயலிகள் பின்னணியில் இழுப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

போனின் செட்டிங்ஸில் App data usage என்ற பகுதியைத் திறந்தால் இது தெரியும். ஒவ்வொரு செயலியும் திரையில் இருந்தபோது எவ்வளவு எடுத்தது, பின்னணியில் எவ்வளவு எடுத்தது என்று தனித்தனியே அங்கே இருக்கும். கணக்கு தொடங்கும் தேதியை ரீசார்ஜ் செய்த நாளுக்கு மாற்றிவைப்பது நல்லது.

இந்தப் பின்னணிச் செலவைத் தடுப்பதே 2016இல் ஆண்ட்ராய்டு 7இல் வந்த Data Saver. அதை இயக்கினால் மொபைல் டேட்டாவில் இருக்கும்போது பெரும்பாலான செயலிகள் பின்னணியில் இணையத்தைத் தொட முடியாது. இதனால் வாட்ஸ்அப் செய்திகள் தாமதமாக வந்தால், Unrestricted data பட்டியலில் வாட்ஸ்அப்புக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். பத்துச் செயலிகளுக்கு விலக்கு கொடுத்தால் டேட்டா சேவர் இருந்தும் இல்லாதது போலத்தான். வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருவதால் அதற்குத் தடையில்லை.

விலக்குப் பெற்ற வாட்ஸ்அப்பை அதன் செட்டிங்ஸில்தான் கட்டுப்படுத்த வேண்டும். Media auto-download பகுதியில் மொபைல் டேட்டாவுக்கான எல்லா டிக்குகளையும் எடுத்துவிட்டால், தொட்ட படம் மட்டுமே இறங்கும். குடும்பக் குழுவில் 15 எம்பி வீடியோக்கள் ஐந்து தானாக இறங்கினாலே அன்றைய பங்கு போய்விடும். ஆகவே முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

அடுத்து லைட் செயலிகள். 2015இல் வந்த ஃபேஸ்புக் லைட், பழைய போன்களுக்கும் 2ஜி வேகத்துக்கும் ஏற்றபடி உருவாக்கப்பட்டது. ஓப்பரா மினி, இணையப் பக்கங்களைத் தன் சர்வரில் சுருக்கியபின் போனுக்கு அனுப்புகிறது. மிக அதிகமாகச் சுருக்கும் முறையில் பக்கம் அந்தச் சர்வர் வழியாகவே வருவதால், வங்கி வேலைகளுக்கு வேறு பிரவுசரே பாதுகாப்பானது. குரோமில் இருந்த லைட் மோடு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது; அதைத் தேடிப் பயனில்லை. லைட் செயலியில் பார்த்தாலும் வீடியோ வீடியோதான். தரத்தைக் குறைத்து, தானாக ஓடுவதை நிறுத்தினால்தான் செலவு குறையும்.

இன்னொரு ஓட்டை ஹாட்ஸ்பாட். அடுத்தவர் போனிலிருந்து வரும் இணைப்பை வைஃபை என்று எண்ணி, ஃபோட்டோ பேக்கப்பும் செயலி அப்டேட்டும் தொடங்கிவிடக்கூடும். அந்த வைஃபையின் விவரங்களில் Metered என்று குறித்துவிட்டால் டேட்டா சேவர் அங்கும் வேலை செய்யும்.