ஒரு பில், மூன்று தொகைகள்

ஒரு கல்வி அறக்கட்டளை ஐம்பது ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி தந்த நிறுவனம் கொடுத்த பில் 1,18,000 ரூபாய். வங்கி வழியாக அந்த நிறுவனத்துக்குப் போன பணம் 1,08,000 ரூபாய். வெளிநாட்டு நன்கொடையாளருக்கு அனுப்பிய செலவு அறிக்கையில் இருப்பதோ 70,800 ரூபாய்.

இந்த மூன்றுமே சரியான தொகைகள்தான். ஆனால் எப்படிச் சரி என்பதைக் காட்ட ஒரு தாள் இல்லாவிட்டால், ஒரு ரூபாய்கூடத் தவறாகச் செலவழிக்காத அறக்கட்டளையும் தணிக்கையாளர் முன் விழிக்க நேரும்.

முதலில் பில்லுக்கும் வங்கிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்போம். கட்டணம் ஒரு லட்சம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 18,000. பணம் கொடுக்கும்போது, தொழில்முறைக் கட்டணம் என்பதால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால், ஒரு லட்சத்துக்கு மட்டும் பிடித்தால் போதும். அந்தப் 10,000 ரூபாய் அறக்கட்டளையின் சேமிப்பு அல்ல. பயிற்சி நிறுவனத்தின் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி அது. ஆகவே செலவு 1,18,000தான். வங்கிப் புத்தகத்தைப் பார்த்து அறிக்கை எழுதுபவர்கள் 1,08,000 என்று போட்டுவிடுகிறார்கள். முதல் சிக்கல் அங்கே தொடங்குகிறது. ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறும் வழி அறக்கட்டளைக்கு இல்லையென்றால், அதுவும் செலவில் சேரும். திரும்பப் பெற முடியுமென்றால் அதை நன்கொடையாளர் தலையில் ஏற்றக் கூடாது.

அடுத்தது பகிர்வு. பயிற்சிக்கு வந்தவர்களில் 30 பேர் வெளிநாட்டு நிதியில் நடக்கும் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். 20 பேர் உள்ளூர் நிறுவனம் ஒன்றின் சிஎஸ்ஆர் நிதியில் நடக்கும் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். தலைக்கணக்கில் 60க்கு 40. வெளிநாட்டு நிதியின் பங்கு 70,800 ரூபாய். சிஎஸ்ஆர் பங்கு 47,200 ரூபாய். டிடிஎஸ்ஸும் அதே விகிதத்தில் 6,000, 4,000 என்று பிரியும். இந்தக் கணக்குக்கு ஆதாரம் பயிற்சி வருகைப் பதிவேடு. அதன் நகல் பில்லோடு இருக்க வேண்டும்.

இங்கே இந்தியச் சட்டம் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தத்தின்படி, அந்தப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். அதற்கான கணக்குகளில் வேறு எந்தப் பணத்தையும் போடக் கூடாது. “இப்போதைக்கு முழு பில்லையும் வெளிநாட்டுக் கணக்கிலிருந்து கொடுத்துவிடுவோம், சிஎஸ்ஆர் பணம் வந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்வோம்” என்று செய்தால், திருப்பிப் போடும் அந்தச் செயலே விதிமீறல் ஆகிவிடும். எனவே வெளிநாட்டு நிதிக் கணக்கிலிருந்து 64,800, சிஎஸ்ஆர் கணக்கிலிருந்து 43,200 என்று இரண்டு தனித்தனிப் பட்டுவாடா செய்ய வேண்டும். முன்கூட்டியே சொல்லி இரண்டு பில்களாக வாங்கிவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

ஒரே பில் என்றால், அதன்மேலேயே முத்திரை குத்தி எழுதுவது நல்ல வழக்கம்: எந்தத் திட்டம், பட்ஜெட்டின் எந்த வரி, எத்தனை ரூபாய், மீதி எந்தத் திட்டத்தில். அசல் ஒரு கோப்பில் இருக்கும். இன்னொரு கோப்பில் உள்ள நகலில் அசல் இருக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். இது இல்லாவிட்டால் ஒரே பில்லின் முழுத் தொகையும் இரண்டு அறிக்கைகளிலும் ஏறிவிடலாம். நன்கொடையாளர்கள் மன்னிக்காத தவறு அது. கண்டுபிடிக்கும் வழி எளிது: பில் எண்வாரியாக எல்லாத் திட்டங்களின் பங்கையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பில்லைத் தாண்டினால் எங்கோ இரட்டைப் பதிவு இருக்கிறது.

கடைசியாகத் தேதி. மார்ச் மாதம் பிடித்த டிடிஎஸ்ஸை ஏப்ரல் 30 வரை கட்டலாம். மானியக் காலம் மார்ச் 31இல் முடிகிறது என்றால், வங்கியை மட்டும் பார்த்து எழுதும் அறிக்கையில் அந்தத் தொகை விடுபட்டுப்போகும். வேலை மார்ச்சில் முடிந்து, பில்லும் மார்ச் தேதியில் இருந்தால், அதைக் கட்ட வேண்டிய பாக்கியாக அறிக்கையில் காட்ட வேண்டும். நிலுவையை எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது மானிய ஒப்பந்தத்தில் இருக்கும். அதேபோல, கொடுத்த முன்பணம் செலவல்ல. பில் வந்த பிறகே செலவு.

பங்கு பிரிப்பதைப் பில் மேசைக்கு வரும் நாளிலேயே செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து, அறிக்கை அனுப்பும் முந்தைய இரவில் பிரித்தால், பட்ஜெட்டில் மிச்சம் இருக்கும் இடத்தில் செலவைத் தள்ளத்தான் கை போகும். அறங்காவலராக இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் ஏதாவது ஒரு பில்லைக் கையில் எடுத்து, அது வங்கிப் புத்தகம் வழியாக அறிக்கை வரை போய்ச் சேருகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.