3.1 எப்படி 2.99 ஆனது?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதல் செமஸ்டரை முடித்த ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். கால்குலஸில் சி, ஆங்கிலத்தில் பி பிளஸ், உளவியலில் ஏ வாங்கியிருக்கிறாள். ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1, எஃப் பூஜ்யம். பல பல்கலைக்கழகங்களில் பி பிளஸுக்கு 3.3. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 3.1. உதவித்தொகை தொடர 3.0 வேண்டும், அதைத் தாண்டிவிட்டோம் என்று நினைக்கிறாள். டிரான்ஸ்கிரிப்டிலோ 2.99 என்றிருக்கிறது.

கணினி தவறு செய்யவில்லை. எல்லாப் பாடங்களுக்கும் ஒரே எடை என்று அவள் எண்ணிவிட்டாள், அவ்வளவுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் ஹவர் என்று ஓர் எண் உண்டு. சுமார் 15 வாரம் நடக்கும் செமஸ்டரில், வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வெளியே அதற்காகப் படிக்கும் இரண்டு மணி நேரமும் சேர்ந்தது பொதுவாக ஒரு கிரெடிட். அவளுடைய கால்குலஸ் 4 கிரெடிட். மற்ற இரண்டும் மும்மூன்று.

கிரேடின் மதிப்பைக் கிரெடிட்டால் பெருக்கினால் வருவதுதான் குவாலிட்டி பாயின்ட். கால்குலஸுக்கு 2 × 4 = 8. ஆங்கிலத்துக்கு 3.3 × 3 = 9.9. உளவியலுக்கு 4 × 3 = 12. மொத்தம் 29.9. இதைப் 10 கிரெடிட்டால் வகுத்தால் 2.99. வந்த சி, கிரெடிட் அதிகமுள்ள பாடத்தில் வந்ததால் சராசரியைக் கீழே இழுத்துவிட்டது.

ஆனால் அவள் பதிவு செய்தது 15 கிரெடிட். மீதி ஐந்து எங்கே போயிற்று? வரலாறு 3 கிரெடிட். நடுவில் விலகியதால் அதன் எதிரே டபிள்யூ. முதலாண்டுக் கருத்தரங்கு 2 கிரெடிட். அதில் கிரேடு கிடையாது, தேர்ச்சியைக் குறிக்கும் பி மட்டும். (பி கிரேடு வேறு, இது ‘பாஸ்’ என்பதன் முதலெழுத்து.) இதனால்தான் டிரான்ஸ்கிரிப்டின் அடிவரியில் மணிக்கணக்கு மூன்று விதமாக நிற்கிறது. முயன்றது 15. விலகிய பாடத்தைக் கழித்தால் ஈட்டியது 12. சராசரிக்கு எடுத்துக்கொண்டது 10. எஃப் வாங்கியிருந்தால் கதை வேறு: ஈட்டிய கணக்கில் அது ஏறாது, சராசரியின் வகுஎண்ணில் மட்டும் ஏறிக்கொள்ளும். டபிள்யூவை விட எஃப் பெரிய அடி என்பது இந்த இடத்தில்தான் தெரிகிறது.

அடுத்த செமஸ்டரில் 14 கிரெடிட் படித்து, எல்லாவற்றுக்கும் கிரேடு வாங்கி, 51.1 குவாலிட்டி பாயின்ட் சேர்க்கிறாள். அந்த டெர்மின் சராசரி 3.65. இனி இரண்டு சராசரிகள் அருகருகே வரும். டெர்ம் சராசரி அந்த ஒரு பருவத்தை மட்டும் சொல்லும். கியூமுலேட்டிவ், சேர்ந்த நாள் முதல் இன்றுவரை. 2.99-ஐயும் 3.65-ஐயும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது, 3.32 என்ற தவறான விடைதான் வரும். புள்ளிகளைக் கூட்டுங்கள்: 29.9 + 51.1 = 81. கிரெடிட்டைக் கூட்டுங்கள்: 10 + 14 = 24. வகுத்தால் 3.375.

எந்த விதி எந்தச் சராசரியைப் பார்க்கிறது என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். டீன்ஸ் லிஸ்ட் என்னும் பாராட்டுப் பட்டியல் பெரும்பாலும் டெர்ம் சராசரியைப் பார்க்கும். உதவித்தொகையும், 2.0-க்குக் கீழே போனால் வரும் எச்சரிக்கை நிலையும் பெரும்பாலும் கியூமுலேட்டிவைப் பார்க்கும். ஆண்டு முடிவில்தான் சரிபார்ப்பார்கள் என்றால் அவளுடைய உதவித்தொகை தப்பியது. ஆனால் ஈட்டிய கிரெடிட் இன்னும் 26 தான். இரண்டாமாண்டு மாணவி ஆவதற்குப் பல இடங்களில் 30 வேண்டும். சராசரி நன்றாக இருந்தும், பதிவேட்டில் அவள் முதலாண்டிலேயே நிற்பாள். அடுத்த பருவத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் வரிசையிலும் பின்னால் நிற்க நேரலாம்.

குவாலிட்டி பாயின்ட் தெரிந்தால் கணக்கை முன்னோக்கியும் போடலாம். அடுத்து 15 கிரெடிட் படித்து, கியூமுலேட்டிவை 3.5 ஆக்க நினைக்கிறாள். மொத்தம் 39 கிரெடிட்டுக்கு 136.5 புள்ளி வேண்டும். கையில் 81 இருக்கிறது; தேவை 55.5. அதாவது அந்த டெர்மில் 3.7 எடுக்க வேண்டும். எல்லாப் பாடத்திலும் ஏ மைனஸ் வாங்கினால் கிடைத்துவிடும். எல்லாமே ஏ என்றால் 3.375 என்பது 3.615 ஆகும். இதே சராசரியோடு 90 கிரெடிட்டைக் கடந்துவிட்ட மாணவி அதே 15 கிரெடிட்டிலும் ஏ வாங்கினால், 3.464-க்கு மேல் ஏறாது.