முட்டையில் கசிந்த பட்டு ரகசியம்

முதல் நூற்றாண்டில் ரோமாபுரிச் சீமாட்டிகள் பட்டு உடுத்தினார்கள். ஆனால் அது எதிலிருந்து வருகிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அறிஞர் பிளினிகூட, கிழக்கே உள்ள காடுகளில் இலைகள்மேல் படரும் வெண்பஞ்சை நீர் தெளித்துச் சீவி எடுக்கிறார்கள் என்றே எழுதினார். சீனாவிலோ அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பட்டு நெய்துகொண்டிருந்தார்கள்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? காட்டுப் பூச்சிகளின் கூட்டிலிருந்து நூல் எடுக்கும் வழக்கம் வேறு நாடுகளிலும் இருந்தது. ஆனால் பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிவிட்டால் இழை துண்டு துண்டாகிவிடும். பஞ்சைப் போல நூற்றுத்தான் ஆக வேண்டும். சீனர்கள் பூச்சி வெளிவரும் முன்பே கூட்டைச் சூடாக்கி உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைக் கொன்றார்கள். பிறகு கூட்டை வெந்நீரில் போட்டால் இழைகளை ஒட்டியிருக்கும் பசை இளகும், நுனி அகப்படும். அதைப் பிடித்து இழுத்தால் ஒரே கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீள இழை அறுபடாமல் வரும். பட்டின் பளபளப்புக்கு இந்த நீளமும் ஒரு காரணம். சரியான புழு, அது தின்னும் முசுக்கொட்டை இலை, கூட்டைச் சூடாக்க வேண்டிய நேரம் ஆகிய மூன்றும் தெரிந்தாக வேண்டும். முடிந்த துணி இவற்றில் எதையும் காட்டிக்கொடுக்காது.

புழுவைக் கடத்துவதும் எளிதல்ல. ஏறக்குறைய ஒரு மாதம் அது ஓயாமல் புத்திலை தின்னும். பாலைவன வழியில் இலைக்கு எங்கே போவது? முட்டை அப்படியல்ல. குண்டூசித் தலையளவே உள்ள அது, குளிரில் மாதக்கணக்கில் பொரியாமல் காத்திருக்கும். ரகசியம் கசிந்ததாகச் சொல்லும் இரண்டு கதைகளிலும் முட்டைகள்தான் பயணம் செய்கின்றன.

ஒன்றை 7-ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதிவைத்தார். பட்டுப்புழு கேட்டு மறுக்கப்பட்ட கோட்டான் நாட்டு மன்னன், கிழக்கு தேசத்து இளவரசியைப் பெண் கேட்டான். “எங்கள் நாட்டில் பட்டு இல்லை, உங்கள் உடைக்கு நீங்களே வழி செய்துகொள்ள வேண்டும்” என்று தூதர் வழியாக அவளுக்குச் சொல்லி அனுப்பினான். அவள் முட்டைகளையும் முசுக்கொட்டை விதைகளையும் தலையணிக்குள் மறைத்துக்கொண்டாள். எல்லைக் காவலர் எல்லாவற்றையும் சோதித்தார்கள், இளவரசியின் தலையைத் தொடத் துணியவில்லை. கோட்டான் அருகே தண்டான் ஓய்லிக்கில் ஆரல் ஸ்டைன் கண்டெடுத்த மரப்பலகை ஓவியத்தில், ஒரு பணிப்பெண் அந்தத் தலையணியைச் சுட்டிக்காட்டுகிறாள். கதை நடந்ததற்கு அது சான்றாகாது. அங்குள்ள மக்கள் அதை எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்குச் சான்று.

பூச்சி பறந்துபோன பிறகே கூட்டைத் தொடலாம் என்று அவள் கல்லில் பொறித்து வைத்ததாகவும் யுவான் சுவாங் சொல்கிறார். அந்தக் கருணைக்கு ஒரு விலை உண்டு: துளைபட்ட கூட்டில் நீள இழை கிடைக்காது.

இன்னொரு கதை பைசாந்தியத்தில் நடக்கிறது. பாரசீகர் கைவழியே பட்டு வாங்கிச் சலித்திருந்த பேரரசர் ஜஸ்டினியனிடம், 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் சில துறவிகள் வந்ததாக புரோகோபியஸ் எழுதுகிறார். புழுவை உயிரோடு கொண்டுவர முடியாது, முட்டையைக் கொண்டுவரலாம் என்றார்கள். சொன்னபடியே கொண்டுவந்து, சாணத்தால் மூடிச் சூடேற்றிப் பொரிக்கவைத்து, இலை கொடுத்து வளர்த்தார்கள்.

கிரேக்க மண்ணில் பட்டுத் தொழில் வேரூன்றியது அப்படித்தான். அடுத்த பெரிய பெயர்ச்சிக்கு முட்டை மட்டும் போதவில்லை. 1147-இல் சிசிலி மன்னன் இரண்டாம் ரோஜரின் கப்பற்படை கிரேக்க நகரங்களான தீப்ஸையும் கொரிந்தையும் சூறையாடி, அங்கிருந்த பட்டுத் தொழிலாளர்களையே பலெர்மோவுக்குக் கொண்டுசென்றது.