சிவப்புக் கோடும் மும்மொழி அறிவிப்பும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில் திரிங்காப் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள மாணவர் குழு ஒன்று, அருகிலிருக்கும் தேயிலைத் தோட்டத்திற்குச் சுற்றுலா செல்ல ஏற்பாடு செய்கிறது என வைத்துக்கொள்வோம். பெற்றோர் அனைவரும் படிக்கும்படி அறிவிப்பைத் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத வேண்டும். மாணவர் ஒருவர் கணினியில் வோர்டு என்னும் சொற்செயலியைத் திறந்து, பின்வரும் மூன்று வரிகளைத் தட்டச்சு செய்கிறார்.

```
தேயிலைத் தோட்டச் சுற்றுலா
Lawatan ke ladang teh pada hari Sabtu
Visit to the tea estate on Saturday
```

திரையில் தோன்றுவதோ வேறு. தமிழ் வரியின் கீழ் சிவப்பு நெளிகோடுகள் ஓடுகின்றன. மலாய் வரியில் பெரும்பாலான சொற்களுக்கும் அதே நிலைதான். ஆங்கில வரி மட்டும் கோடின்றி இருக்கிறது. இவற்றைவிடக் கவலைக்குரிய மாற்றம் ஒன்றும் நிகழ்ந்துள்ளது. மலாய் வரி இப்பொழுது இப்படி இருக்கிறது.

```
Lawatan ke ladang the pada hari Sabtu
```

மலாய்மொழியில் தேயிலையைக் குறிக்கும் `teh` என்னும் சொல், ஆங்கிலச் சொல்லான `the` என மாறிவிட்டது. அச்சொல்லின் கீழ் சிவப்புக் கோடும் இல்லை. சரியாக எழுதிய சொற்கள் பிழையெனக் காட்டப்படுகின்றன. உண்மையான பிழையோ எந்த அடையாளமும் இன்றி நிற்கிறது. அறிவிப்பை இப்படியே அச்சிட்டால் தேயிலைத் தோட்டம் பொருளற்ற சொல்லாகிப் பெற்றோரிடம் போய்ச் சேரும்.

இதற்குக் காரணம் என்ன? சொற்செயலி மொழியைப் புரிந்துகொண்டு பிழை பார்ப்பதில்லை. ஒவ்வொரு சொல்லையும் அது ஓர் அகராதிப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத சொல்லுக்குச் சிவப்புக் கோடு இடுகிறது. எந்த மொழியின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்பதை, அச்சொல்லோடு இணைந்திருக்கும் மொழிக் குறிப்பைக் கொண்டு அறிந்துகொள்கிறது. எழுத்தின் அளவு, நிறம், தடிப்பு ஆகியவற்றைப் போலவே மொழியும் எழுத்தோடு சேர்த்துச் சேமிக்கப்படும் ஒரு பண்பாகும். அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலே கண்ட மூன்று வரிகளுக்கும் ஆங்கிலம் என்ற குறிப்பே இருந்திருக்கிறது. ஆகவே, சிவப்புக் கோட்டிற்கு ‘இது பிழை’ என்பது பொருளன்று. ‘இச்சொல் நான் பார்க்கும் பட்டியலில் இல்லை’ என்பதே பொருள்.

தமிழ் வரிக்கு எப்படி ஆங்கிலக் குறிப்பு வந்தது? விண்டோஸ் தரும் தமிழ் விசைப்பலகைக்கு மாறித் தட்டச்சு செய்தால், வோர்டு பெரும்பாலும் அந்த எழுத்துகளுக்குத் தமிழ் என்ற குறிப்பைத் தானே இட்டுவிடும். தனியாக நிறுவிய தமிழ்த் தட்டச்சுச் செயலிகள் சில, கணினியின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு தமிழ் எழுத்துகளைத் தருகின்றன. அப்பொழுது வோர்டு அவற்றை ஆங்கிலம் என்று குறித்துக்கொள்ளக்கூடும். வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டிய பகுதிகளுக்கும் இந்நிலை ஏற்படுவதுண்டு.

`teh` மாறியதற்குக் காரணம் வேறொரு வசதியாகும். ஆங்கிலத்தில் வேகமாகத் தட்டச்சு செய்வோர் `the` என்பதை எழுத்து மாற்றி `teh` என்று அடித்துவிடுவது வழக்கம். எனவே, வோர்டின் தானியங்கித் திருத்தப் பட்டியலில் இப்பிழை முன்கூட்டியே சேர்க்கப்பட்டுள்ளது. சொல்லை முடித்து இடைவெளி விட்டதும் திருத்தம் நடந்துவிடும். இந்தப் பட்டியலும் மொழிக்கு மொழி வேறுபடும். மலாய் வரிக்கு மலாய் என்ற குறிப்பு இருந்திருந்தால், ஆங்கிலத்திற்கான திருத்தம் அங்கே நுழைந்திருக்காது.

இனி, அறிவிப்பைச் சரிசெய்யும் முறையைக் காண்போம். முதலில் தமிழ் வரியை மட்டும் சுட்டியால் தேர்வு செய்ய வேண்டும். மேற்பட்டையில் `Review` என்பதைச் சொடுக்கி, அதில் `Language`, அதன்கீழ் `Set Proofing Language` ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொழிகளின் பெயர்கள் அடங்கிய சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் `Tamil` எனத் தொடங்கும் வரியைத் தெரிவு செய்ய வேண்டும். பெட்டியின் கீழ்ப்பகுதியில் `Detect language automatically` என்ற கட்டத்தில் குறி இருந்தால் அதை நீக்கிவிட்டு, `OK` பொத்தானை அழுத்த வேண்டும். அந்தக் கட்டம், மொழியைச் சொற்செயலியே ஊகித்துக்கொள்ள விடுவது. ஊகிப்பதற்கு முழு வாக்கியமாவது தேவை. தலைப்பு, ஊர்ப்பெயர் போன்ற ஓரிரு சொற்களை வைத்துச் செய்யும் ஊகம் தவறிவிடும்.

அடுத்து, மலாய் வரியைத் தேர்வு செய்து, அதே பெட்டியில் `Malay` எனத் தொடங்கும் மொழிகளுள் மலேசியாவிற்குரியதைத் தெரிவு செய்ய வேண்டும். அதன்பின் `the` என்பதை அழித்துவிட்டு `teh` என்று மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். ஏற்கெனவே மாறிப்போன சொல், மொழியை மாற்றியதால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. தட்டச்சு செய்யும்பொழுது திரையின் அடிப்பட்டையைக் கவனிக்க வேண்டும். சுட்டெழுத்து நிற்கும் இடத்தின் மொழி அங்கே காட்டப்படும். மலாய் வரியில் அது ஆங்கிலம் எனக் காட்டினால், மொழிக் குறிப்பு இன்னும் மாறவில்லை என்று அறியலாம். திருத்தம் மீண்டும் நடந்துவிட்டால், உடனே `Ctrl+Z` விசைகளை அழுத்தினால் நாம் அடித்த சொல் திரும்பக் கிடைக்கும்.

அதே பெட்டியில் `Set As Default` என்ற பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால், அக்கணினியில் இனித் திறக்கும் புதிய ஆவணங்கள் எல்லாம் அம்மொழியிலேயே தொடங்கும். சொந்தக் கணினியில் இது வசதியாக இருக்கலாம். பலர் பயன்படுத்தும் பள்ளிக் கணினிக்கூடத்தில் இது அடுத்தவருக்கு இடையூறாகும்.

மொழியை மாற்றியதும் சிவப்புக் கோடுகள் மறைந்தால், அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அம்மொழியின் அகராதியோடு ஒப்பிட்டு எல்லாச் சொற்களும் சரியெனக் கண்டிருக்கலாம். அல்லது, அம்மொழிக்கான பிழைதிருத்தக் கருவி அக்கணினியில் நிறுவப்படாமல் இருக்கலாம். இரண்டாவது நிலையில் சொற்செயலி எதையும் சோதிப்பதில்லை. இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறிய ஒரு வழி உண்டு. மொழிப் பெட்டியில், கருவி உள்ள மொழிகளின் பெயருக்குப் பக்கத்தில் `ABC` என்ற எழுத்துகளும் ஒரு சரிக்குறியும் சேர்ந்த சிறு சின்னம் இருக்கும். அச்சின்னம் இல்லையென்றால், கோடில்லாத பக்கத்தைப் பிழையில்லாத பக்கம் என்று நம்பிவிடக் கூடாது. வேண்டுமென்றே ஒரு சொல்லைப் பிழையாக எழுதிப் பார்ப்பதும் நல்ல சோதனையே.

இனி, ஊர்ப்பெயர்களைப் பார்ப்போம். ஆங்கில வரியில் `Tringkap` என்று எழுதினால், மொழிக் குறிப்பு சரியாக இருந்தும் சிவப்புக் கோடு வரும். ஆங்கில அகராதியில் இவ்வூரின் பெயர் இல்லை. இத்தகைய பெயர்களுக்கு மொழியை மாற்றுவது தீர்வன்று. சொல்லின்மேல் வலச்சொடுக்கு செய்து `Add to Dictionary` என்பதைத் தெரிவு செய்தால், அப்பெயர் பயனரின் சொந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். ஆனால், சேர்ப்பதற்கு முன் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்க்க வேண்டும். தவறாகச் சேர்த்த பெயர், பட்டியலிலிருந்து நீக்கப்படும்வரை சரியானதாகவே கருதப்படும். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். மொழிக் குறிப்பு ஆவணத்தோடு சேர்ந்து செல்லும். சொந்தப் பட்டியலோ ஆவணத்திற்குள் இருப்பதில்லை. ஆகையால், ஆசிரியரின் கணினியில் அறிவிப்பைத் திறந்தால் `Tringkap` மீண்டும் சிவப்புக் கோட்டுடன் தோன்றலாம்.

லிப்ரே ஆபிஸ் என்னும் இலவசச் சொற்செயலி, இச்சிக்கலை வேறு விதமாக அணுகுகிறது. அது எழுத்துகளை மேலை எழுத்துகள், கிழக்காசிய எழுத்துகள், சிக்கலான அமைப்புடைய எழுத்துகள் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக மொழியைக் குறித்துக்கொள்கிறது. தமிழ் மூன்றாம் பிரிவில் அடங்கும். எனவே, அங்கே தமிழை ஆங்கில அகராதியோடு ஒப்பிடும் குழப்பம் எழாது. ஆனால், மலாயும் ஆங்கிலமும் ஒரே உரோமன் எழுத்துகளைப் பயன்படுத்துவதால் ஒரே பிரிவில் அமைகின்றன. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. மலாய் வரியைத் தேர்வு செய்து, `Tools`, `Language`, `For Selection` என்ற வழியில் சென்று நாமே மொழியைச் சொல்ல வேண்டும்.

பழைய தமிழ்க் கோப்புகளில் மட்டும் இம்முறைகள் பலன் தருவதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்பிற்குள் இருப்பவை உரோமன் எழுத்துகளும் குறியீடுகளுமே. இதைக் கண்டறிய, ஒரு வரியைத் தேர்வு செய்து எழுத்துருவை `Arial` என மாற்றிப் பார்க்கலாம். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோடு. பொருளற்ற உரோமன் எழுத்துகளாக மாறினால் அது பழைய முறை. அத்தகைய பகுதியை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்ற இயலாவிட்டால், மொழிப் பெட்டியில் உள்ள `Do not check spelling or grammar` என்ற கட்டத்தில் குறியிட்டு அப்பகுதிக்கு மட்டும் சோதனையை நிறுத்திவைக்கலாம். முழு ஆவணத்திற்கும் அவ்வாறு செய்தால், ஆங்கில வரியில் உள்ள உண்மையான பிழைகளும் மறைந்துவிடும்.

மொழிக் குறிப்புகள் அனைத்தும் சரியாக அமைந்த பின்னும், தமிழ் வரியை ஒருமுறை கண்ணால் படித்தாக வேண்டும். தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபுகளையும் இடைச்சொற்களையும் ஏற்று நீளும் தன்மையுடையவை. ‘தோட்டம்’ என்ற ஒரு சொல்லே தோட்டத்தில், தோட்டத்திலிருந்து, தோட்டத்திற்குள்ளேயும் எனப் பல வடிவங்களைப் பெறும். இவை எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் அடக்குவது கடினம் என்பதால், சரியான சொல்லுக்கும் சில நேரங்களில் கோடு விழும். மறுபக்கம், ‘மலைச்சாரலில் நடந்தோம்’ என எழுத நினைத்து ‘மழைச்சாரலில் நடந்தோம்’ என எழுதிவிட்டால் கோடு விழாமலும் போகலாம். மலை, மழை இரண்டும் அகராதியில் உள்ள சொற்களே. கேமரன் மலையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அறிவிப்பில் எது இருக்க வேண்டும் என்பது எழுதியவருக்கே தெரியும்.