120 பேப்பர், 12 வாரம்

முனைவர் பட்ட ஆய்வில் சேருபவர் முதலில் எதிர்கொள்வது லிட்ரேச்சர் ரிவ்யூ எனப்படும் முன்னாய்வுத் தொகுப்பு. தம் தலைப்பில் இதுவரை வந்த ஆய்வுகளைப் படித்து, யார் எதைச் சொன்னார்கள், எது இன்னும் விடை காணாமல் இருக்கிறது என்று எழுத வேண்டும். இறக்கி வைத்த கோப்புகளை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்குபவர்கள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கணினி அறிவியலாளர் எஸ். கேசவ் 2007-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இதற்கு வழி சொன்னது. எந்தப் பேப்பரையும் மூன்று சுற்றாகப் படிக்கலாம். முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை மட்டும்; 10 நிமிடம் போதும். இரண்டாம் சுற்றுக்கு ஒரு மணி நேரம். வரிக்கு வரி ஆராயும் மூன்றாம் சுற்றுக்குப் புதியவர்களுக்கு நான்கைந்து மணி நேரமாகும். எல்லாப் பேப்பரும் மூன்றாம் சுற்றுவரை போக வேண்டியதில்லை.

தர்மபுரி மாவட்ட ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அளவு பருவத்துக்குப் பருவம் ஏன் மாறுகிறது என்று ஆராயும் ஒருவர் 120 பேப்பர் சேர்த்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 10 மணி நேரம் படிக்கிறார். முதல் சுற்றுக்கு மட்டும் 20 மணி நேரம், அதாவது இரண்டு வாரம். இந்தக் கட்டத்தில் குறிப்பு எடுப்பதில்லை, தரம் பிரிப்பதுதான் வேலை. கடினப் பாறைப் பகுதியில் பருவ மாற்றத்தை அளந்தவை 15. அவை 'அ' பிரிவு. வேறு இடத்தில், ஆனால் அதே அளவீட்டு முறையில் செய்தவை 40; 'ஆ' பிரிவு. ஃபுளோரைடு நீக்கும் வடிகட்டிகள், பல் பாதிப்பு பற்றிய மீதி 65-உம் 'இ'. அவற்றைப் பட்டியலில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு கணக்கு எளிது. 'அ'வுக்குத் தலா 4 மணி நேரமென்றால் 60. 'ஆ'வுக்குத் தலா ஒரு மணி நேரமென்றால் 40. ஆக, இன்னும் 10 வாரம். வார இலக்கு பக்கங்களில் அல்ல, குறிப்புகளில்: 'ஆ'வில் நான்கு சிறு குறிப்பு, 'அ'வில் இரண்டு வாரத்துக்கு மூன்று முழுக் குறிப்பு.

முழுக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டாது. என்ன கேள்வி, எத்தனை கிணறு, எந்த மாதங்களில் மாதிரி எடுத்தார்கள், என்ன கண்டார்கள், எந்த ஆய்வோடு முரண்படுகிறது, தம் ஆய்வுக்கு எதற்கு உதவும் என்பது சொந்தச் சொற்களில் இருக்க வேண்டும். மழைக்குப் பின் ஃபுளோரைடு குறைந்தது என்று ஒரு பேப்பரும் கூடியது என்று இன்னொன்றும் சொன்னால், அந்த முரணே ரிவ்யூவின் ஒரு பகுதிக்குக் கரு. மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போனால் இந்த முரண் கண்ணில் படாது.

திட்டம் பிசகுவது பெரும்பாலும் 'அ' பிரிவில்தான். விட்டுவிட மனமில்லாமல் 15 என்பது 40 ஆகிவிடும். கேள்வி இன்னும் கூர்மையாகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது நெறியாளரிடம் கேள்வியைத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆறாம் வாரத்தில் 'இ' பிரிவைத் திரும்பப் பார்ப்பதும் நல்லது. மழைநீர் நிலத்தடிக்கு இறங்கும் வேகம் பற்றி ஒதுக்கிவைத்த பேப்பர் இப்போது 'அ'வுக்கு ஏறலாம். புதிதாக எடுக்கும் பேப்பர்களின் மேற்கோள் பட்டியலில் எல்லாப் பெயரும் ஏற்கெனவே தெரிந்தவையாக இருந்தால், தேடலை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கலாம்.