வெட்டு தெரியாத படம்

பாம்பன் ரயில் பாலத்தைப் பக்கத்துச் சாலைப் பாலத்தில் நின்று படம் எடுத்தால், கடலும் பாலமும் படகுகளுமாகக் காட்சி அகலமாக விரியும். அதை இன்ஸ்டாகிராமில் ஒரே படமாகப் போட்டால் செல்போன் திரையில் மெல்லிய பட்டையாகச் சுருங்கிவிடும். அதனால்தான் பலர் படத்தை மூன்றாக வெட்டி வரிசையாகப் போடுகிறார்கள். விரலால் தள்ளத் தள்ள, பாலம் ஒரு படத்தின் ஓரத்திலிருந்து அடுத்ததற்குள் ஓடுகிறது. இதுதான் பனோரமா கரோசல்.

எல்லாம் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு துண்டு 1080 பிக்சல் அகலம், 1350 உயரம். அதாவது 4:5 விகிதம். மூன்று துண்டுக்கு மொத்த அகலம் 3240. கேமராப் படம் 6000க்கு 4000 என்று வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் வேண்டாத வானத்தையும் தண்ணீரையும் நீக்கி 6000க்கு 2500 ஆக்குங்கள். அதை 3240க்கு 1350 ஆகச் சிறிதாக்கினால் மிச்சமில்லாமல் பொருந்தும். பிறகு 1080லும் 2160லும் வெட்டுங்கள். சிறிதாக்குவது முதலில், வெட்டுவது கடைசியில். நிறம், வெளிச்சம் திருத்துவதும் வெட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். துண்டுகளைத் தனித்தனியே திருத்தினால் ஒரே வானம் இரண்டு நீலமாகிவிடும்.

பெரும்பாலும் சறுக்குவது விகிதத்தில். 3600 அகலப் படத்தை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 1200 வரும். பதிவேற்றும்போது அதை 4:5 சட்டத்துக்குள் நிரப்பினால் இரு பக்கமும் 60 பிக்சல் போய்விடும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் 120 பிக்சல் காணாமல் போகிறது. அங்கே ஒரு படகு இருந்தால் அதன் நடுப்பகுதியே இருக்காது.

இந்தப் பிழையைத் தொடுவானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கிடைக்கோட்டில் நடுவே கொஞ்சம் போனாலும் கோடு கோடாகவே தெரியும். சாய்வாக ஓடும் எதையாவது பாருங்கள்: தண்டவாளம், பாய்மரக் கயிறு, படகின் விளிம்பு. சேரும் இடத்தில் அது படி போல விலகினால் நடுவில் ஏதோ போய்விட்டது என்று பொருள். பதிவேற்றும் முன் பாதி தள்ளிய நிலையில் விரலை நிறுத்திப் பார்த்தால் போதும்.

எங்கே வெட்டு விழ வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். பார்ப்பவர் விரலை எடுத்ததும் திரையில் ஒரு துண்டு மட்டுமே நிற்கும். ஆகவே முகமோ எழுத்தோ வெட்டில் மாட்டக் கூடாது. ஒரு படகின் மூக்கு மட்டும் வலது ஓரத்தில் எட்டிப் பார்க்கட்டும்; மீதிப் படகைப் பார்க்க விரல் தானாகத் தள்ளும்.