எந்திரத் தோழனின் வாயும் ழகரமும்: கம்பம் பள்ளத்தாக்குக் குழந்தைகளுக்கான கற்றல் செயலியில் துணைப்பாத்திர வடிவமைப்பு

முன்னுரை

சின்னமனூரிலிருந்து கம்பம் வரையிலான வயல்வெளிகளில் வாழைக்குப் பஞ்சமில்லை. ஆயினும், வாழையைத் தோட்டத்தில் அன்றாடம் காணும் குழந்தைகளில் பலர் அச்சொல்லை ‘வாளை’ என்றே ஒலிக்கின்றனர். தென்மாவட்டப் பேச்சுத்தமிழில் ழகரம் ளகரமாக ஒலிப்பது பரவலான வழக்கு. அது குறைபாடன்று, வட்டார வழக்கின் இயல்பு. எனினும், ‘வாழை’ மரத்தையும் ‘வாளை’ மீனையும் எழுத்தில் பிரித்தறிய வேண்டிய நிலை முதல் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்களும் உள்ளன. அவ்விரு மொழிகளின் இன்றைய ஒலியமைப்பில் ழகரம் இல்லை. ஆகவே அவ்வீட்டுக் குழந்தைகளுள் பலருக்கு இவ்வொலி பள்ளியிலேயே அறிமுகமாகிறது.

வாசிப்புப் பயிற்சிக்கெனக் கைப்பேசிச் செயலிகள் வந்துவிட்ட காலம் இது. 2019 மார்ச்சில் ‘போலோ’ என்னும் பெயரில் இந்தியாவில் வெளிவந்து, பின்னர் ‘ரீட் அலாங்’ எனப் பெயர் மாறிய கூகுளின் செயலியில் ‘தியா’ என்னும் துணைப்பாத்திரம் குழந்தை வாசிப்பதைக் கேட்டு ஊக்குவிக்கிறது. தடுமாறும் சொல்லை ஒலித்துக் காட்டுகிறது. 2022இல் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை இச்செயலியைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் நடத்தியது. இத்தகைய துணைப்பாத்திரம் உருண்டை வடிவும் எளிய முகமும் கொண்ட எந்திரமாக அமையுமானால், அதன் வாய் எதைக் காட்ட இயலும், எதைக் காட்ட இயலாது என்பதை ஒரு மாதிரி வரைவின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

உருண்டை வடிவும் முகமும்

உருண்டை வடிவம் குழந்தைகளுக்கான பாத்திரங்களில் மிகுதியாகக் கையாளப்படுவதற்கு ஓர் அடிப்படை உண்டு. உயர்ந்த நெற்றி, முகத்தின் கீழ்ப்பாதியில் அமைந்த பெரிய கண்கள், பருத்த கன்னம் ஆகியவை பராமரிக்கும் உணர்வைத் தூண்டுகின்றன என்று விலங்கு நடத்தையியலாளர் கான்ராட் லோரன்ஸ் 1943இல் எடுத்துரைத்தார். பாத்திரத்தின் கண்களை முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வைப்பது இதனால்தான்.

ஆனால் தமிழ்நாட்டில் உருண்டை முகத்துக்கும் பெரிய கண்ணுக்கும் இன்னொரு பொருளும் உண்டு. கட்டடம் எழும்பும் இடத்தில் தொங்கும் திருஷ்டி பொம்மையும், பூசணிக்காயில் வரைந்த பூத முகமும் உருண்டையானவையே. விழி முழுவதையும் சுற்றி வெள்ளை தெரிவது, பல்வரிசை வெளிப்படுவது, கண்ணைச் சுற்றிக் கனத்த கருங்கோடு ஓடுவது ஆகிய மூன்றும் அம்முகத்தை அச்சுறுத்துவதாக்குகின்றன. வியப்பைக் காட்ட எந்திரத் தோழனின் விழியை அகலத் திறக்கும் ஓவியர் அறியாமலே இவ்வெல்லைக்குள் சென்றுவிடக்கூடும். கண்ணை வெண்பரப்பு இல்லாத ஒற்றைக் கரிய நீள்வட்டமாக வரைந்தால் இச்சிக்கல் எழாது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை இதற்கு மாறான முன்மாதிரி. அதன் நட்பு முகத்தில் மட்டுமன்றி, கனத்த அடிப்பாகத்தின் மேல் ஆடி நிமிரும் உடலிலும் உள்ளது.

வரைவை 100 அலகுச் சதுரம் ஒன்றில் தொடங்கலாம். தலையின் அகலம் 72 அலகு, உயரம் 64 அலகு, மூலை வளைவின் ஆரம் 28 அலகு. கண் ஒவ்வொன்றும் 9 அலகு அகலமும் 12 அலகு உயரமும் உடையது. கண்மையத்துக்கு 14 அலகு கீழே வாய். தலைக்குக் கீழே கிண்ணம் போன்ற உடல். கைப்பேசித் திரையில் இப்பாத்திரம் ஏறத்தாழ 3 செ.மீ. அகலத்தில் நிற்குமானால் ஓர் அலகு 0.3 மி.மீ. ஆகும். 3 அலகுத் தடிமனுள்ள வாய்க்கோடு திரையில் 0.9 மி.மீ. மட்டுமே. அதினும் மெல்லிய கோடு வெயிலில் பிடித்த கைப்பேசியில் மறைந்துவிடும். புருவம், பல், நாக்கு என நுணுக்கங்களைச் சேர்க்க இங்கு இடமில்லை. முகத்தின் எளிமை பெருமளவு இந்த அளவினால் விளைவது.

வாய் காட்டக்கூடியவை

எழுத்துகளின் பிறப்பிடத்தைத் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல் விரித்துரைக்கிறது. அசைவூட்ட ஓவியர் அதனை வேறொரு நோக்கில் படிக்கலாம்: எவ்வொலிகள் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிகின்றன? அகர ஆகாரங்களுக்கு வாய் திறக்கிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவற்றுக்கு இதழ் குவிகிறது. பகர மகரங்களுக்கு இதழ் இரண்டும் பொருந்துகின்றன. வகரத்துக்கு மேற்பல்லும் கீழிதழும் கூடுகின்றன. இகர, எகர வகைகளில் நூல் கூறும் முயற்சி நாவிளிம்பினது. வெளியே தெரிவது இதழ் விரிவு மட்டுமே. ஓய்வு நிலையையும் சேர்த்தால் மொத்தம் ஆறு வாய்வடிவங்கள்.

மாதிரி வரைவில் திறந்த வாய் 20க்கு 14 அலகு நீள்வட்டம். விரிந்த வாய் 24க்கு 6. குவிந்த வாய் ஒகரத்துக்கு 10 அலகு வட்டம், உகரத்துக்கு 7. மூடிய வாய் நேர்கோடு. வகரத்துக்குக் கோட்டின் மேல் சிறு வெண்பட்டை. ஓய்வு நிலைக்கு மேல்நோக்கி மெல்ல வளைந்த கோடு.

இவ்வடிவங்கள் குறில் நெடில் வேறுபாட்டை நன்றாகப் புலப்படுத்தும். ‘கல்’, ‘கால்’ இரண்டிலும் வாய்வடிவம் ஒன்றே. மாறுவது அது நிற்கும் நேரம். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் அசைவூட்டத்தில் நிதான ஒலிப்புக்கு அகரத்தை 6 சட்டங்களும் ஆகாரத்தை 12 சட்டங்களும் நிறுத்தினால், ஒரு மாத்திரைக்கும் இரு மாத்திரைக்கும் உள்ள விகிதம் கண்ணுக்கே தெரியும்.

வாய் மறைப்பவை

சிக்கல் எழுவது மற்ற மெய்களில்தான். க, ச, ட, த, ற முதலிய வல்லினமும் அவற்றின் இனமான ங, ஞ, ண, ந, ன ஆகியவையும் நாவின் தொழிலால் வாயினுள் பிறக்கின்றன. ல, ள, ழ மூன்றும் அத்தகையனவே. ‘வாழை’, ‘வாளை’ இரண்டையும் ஒலி நீக்கி ஒரு மனிதரின் முகத்தில் காட்டினாலும் பார்ப்பவர் பிரித்தறிய இயலாது. கோடாகச் சுருங்கிய எந்திர வாயில் அதை எதிர்பார்க்க வழியே இல்லை.

இவ்விடத்தில் வடிவமைப்பாளர் செய்யும் பிழை, ஒலிப்பதிவு ஓடும் நேரமெல்லாம் வாயை ஏதேனும் ஒருவகையில் அசைத்து வைப்பது. கதை சொல்லும் செயலியில் அது தீங்கற்றது. ஒலிப்புக் கற்பிக்கும் செயலியில் அவ்வாறன்று. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் 1976இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், ‘பா’ என்ற இதழொலி, ‘கா’ என்று ஒலிக்கும் முகத்தோடு இணைக்கப்பட்டபோது (இரண்டும் ஆங்கிலத்தின் மெல்லொலிகள்) கேட்டோர் பலர் மூன்றாவதான ‘டா’ போன்ற ஒலியைக் கேட்டதாகக் கூறினர். கண் காண்பது காது கேட்பதை மாற்றிவிடுகிறது. தகரம் ஒலிக்கும்போது எந்திரத் தோழனின் இதழ்கள் ஒட்டிக்கொண்டால், குழந்தைக்கு அது வெறும் அலங்காரப் பிழையாக நின்றுவிடாது.

பொருத்தமான வாய்வடிவம் இல்லாத ஒலிகளுக்கு வாயை அடுத்து வரும் உயிரின் வடிவில் நிறுத்துவதே நேர்மையான வழி. வாயே இல்லாத பாத்திரமும் இயலாததன்று. ஹிதேகி கோசிமா ஜப்பானில் வடிவமைத்த ‘கீப்பான்’ என்னும் மஞ்சள் எந்திரம் ஏறத்தாழ 12 செ.மீ. உயரமே உடையது, இரண்டு உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற் போன்ற மென்னுடல், இரு கண்கள், ஒரு மூக்கு. வாய் கிடையாது. சாய்தல், குதித்தல், திரும்பிப் பார்த்தல் ஆகியவற்றாலேயே அது குழந்தைகளோடு உறவாடியது.

கன்னத்துக் கதவு

எந்திரமாக வரைவதன் உண்மையான பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. மனிதச் சிறுமியின் கன்னத்தைத் திறந்து நாக்கைக் காட்டினால் குழந்தை மிரளும். எந்திரத்துக்குக் கதவு இருப்பது இயல்பு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் டொமினிக் மசாரோ குழுவினர் உருவாக்கிய ‘பால்டி’ என்னும் கணினிப் பேசுமுகத்தின் தோலை ஒளிபுகக்கூடியதாக்கி உள்ளே நா அசைவதைக் காட்ட முடிந்தது. செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பயிற்சியில் அது பயன்பட்டது. அம்முகம் மனித முகத்தை ஒத்தது. எளிய எந்திர முகத்தில் அதே உத்தி இன்னும் இயல்பாகப் பொருந்தும்.

‘வாழை’ பாடத்தில் தோழன் பக்கவாட்டில் திரும்புகிறான். தலை பெரிதாகித் திரையின் அகலத்தை நிறைக்கிறது. பழைய 3 செ.மீ. அளவில் கதவைத் திறந்தால் நாக்கு ஒரு புள்ளியாகவே தெரியும். உருண்டைத் தலையின் பக்கத்தோற்றத்தில் மூக்கோ உதடோ இல்லையாதலால் கதவினுள் மேற்பல், அண்ணத்தின் வளைவு, நா ஆகிய மூன்றையும் வரைதல் வேண்டும். இல்லையேல் நா எதை நோக்கி எழுகிறது என்பது விளங்காது.

லகரத்துக்கு நாநுனி மேற்பல்லின் பின்புறத்து மேட்டைத் தொட்டு நிற்கிறது. ளகரத்துக்கு நுனி பின்னோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ழகரத்துக்கும் வளைகிறது, ஆனால் படிவதில்லை. நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி எஞ்சுகிறது. அந்த இடைவெளியே பாடத்தின் மையம். தொடும் இடத்தில் ஒரு சிறு விளக்கு எரியுமாறு அமைத்தால் ளகரத்தில் விளக்கு எரியும், ழகரத்தில் எரியாது. தொல்காப்பியர் லகரத்துக்கு ஒற்றுதலையும் ளகரத்துக்கு வருடுதலையும் கூறி, ழகரத்தை ரகரத்தோடு சேர்த்து, நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பதாகக் கொள்வார். ளகரத்தின் இன்றைய ஒலிப்பு அவ்விளக்கத்தோடு முழுதும் பொருந்தவில்லை. ஓவியர் இன்றைய ஒலிப்பையே பின்பற்ற வேண்டும்.

புன்னகையின் பொறுப்பு

குழந்தை திரும்ப ஒலித்ததும் தோழனின் முகம் மாறுகிறது. அம்மாற்றம் ஒரு மதிப்பீடு. புன்னகைத்தால் ‘நீ சொன்னது சரி’ என்றே குழந்தை கொள்ளும். பேச்சறி மென்பொருளோ பெரும்பாலும் சொல்லை அடையாளம் காண்பதற்கென அமைந்தது. வாழைப்படத்தின் கீழ்க் குழந்தை ‘வாளை’ என்றாலும் சூழலைக் கொண்டு அதை ‘வாழை’ என்றே ஏற்றுக்கொள்ள இடமுண்டு. அப்போது தோழன் மலர்கிறான்; கற்பிக்க வந்த ஒலி நழுவிப்போகிறது. மாறாக, தெருவில் பேருந்து செல்லும் இரைச்சலில் சரியான ழகரம் மறுக்கப்படுவதும் உண்டு. முன்னதை விடப் பின்னது கொடியது. சரியாகச் சொன்ன குழந்தை தன் நாவையே ஐயுறத் தொடங்கும்.

ஆதலால் முகநிலை மூன்று வேண்டும். ஐயமற்றுச் சரியென்று தெரிந்தால் மட்டும் புன்னகை. வேறொலி என்று தெளிவானால் துயர முகம் காட்டாமல் கன்னத்துக் கதவு திறக்கிறது. எதுவும் தெளிவில்லையெனில் தோழன் தலையைச் சாய்த்துக் கையைக் காதருகே வைக்கிறான். சரியாகக் கேட்காத குறை தன்னுடையது என்பதே அச்சைகையின் பொருள்.

இச்சைகைகள் விளங்குகின்றனவா என்பதைச் சோதிக்க மூன்று நிலைகளையும் ஒலியின்றி அசையாப் படங்களாகத் தனித்தனியே காட்டி, ‘இவன் என்ன செய்யறான்?’ என்று குழந்தையிடம் கேட்டால் போதும். காதருகே வைத்த கையைக் கண்டு ‘காது வலிக்குது’ என்று விடை வருமானால், கை கன்னத்தை மிக நெருங்கிவிட்டது என்று பொருள். கையைத் தலையின் விளிம்பிலிருந்து 4 அலகேனும் விலக்கி, விரல்களைக் குவித்து வரைந்து மறுபடி காட்டிப் பார்க்க வேண்டும்.